நட்டம் வந்த ஆண்டில் தலைவர் கடிதம்: முதன்முறை எழுதுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மதுரைக்குத் தெற்கே உள்ள ஒரு நூற்பாலையில், நிறுவனச் செயலாளருக்கு உதவியாளராக வேலை பார்க்கிறேன். பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாத பொது நிறுவனம். அறுநூற்றுச் சொச்சம் பங்குதாரர்கள். அவர்களில் பாதிப் பேர் உசிலம்பட்டி, திருமங்கலம், மேலூர்ப் பக்கத்துக் குடும்பங்கள். தாத்தா வாங்கி வைத்த பங்கைப் பேரன் வைத்திருக்கிறார். 2022-23ஆம் நிதியாண்டில் நிறுவனம் பல ஆண்டுகளுக்குப் பிறகு நட்டம் கண்டபோது, ஆண்டறிக்கையின் முதல் பக்கத்தில் வரும் தலைவர் கடிதத்தை வரையும் வேலை என்னிடம் வந்தது. அதில் நான் செய்த ஒரு பிழை அச்சேறி, அஞ்சலில் போய், பங்குதாரர்களின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று கேள்வி கேட்டது. அதே வேலை உங்கள் மேசைக்கு வந்திருந்தால், எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். எடுத்துக்காட்டில் வரும் தொகைகளை எளிமைக்காக மாற்றியிருக்கிறேன். கணக்கின் போக்கு மட்டும் நடந்தபடியே இருக்கிறது.

1. எழுதுவதற்கு முன் மேசைக்கு வர வேண்டிய தாள்கள்

தலைவர் கடிதத்தை 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டம் கேட்பதில்லை. சட்டம் கேட்பது 134ஆம் பிரிவின்படியான இயக்குநர் குழு அறிக்கையைத்தான். கடிதம் வழக்கத்தால் வருவது. இதனாலேயே பலர் இதை ஒரு வாழ்த்து மடலைப்போல எண்ணி, கணக்கு முடிவதற்கு முன்பே எழுதி வைத்துவிட்டு, தொகைகளுக்கு மட்டும் கோடிட்ட இடம் விடுகிறார்கள். நானும் அப்படித்தான் ஜூன் மாதத்திலேயே எழுதினேன். தொகை மாறும்போது வாக்கியமும் மாற வேண்டும் என்பது அப்போது உறைக்கவில்லை.

முதலில் இந்த ஐந்தையும் கேட்டு வாங்குங்கள்: கையெழுத்தாகும் நிலைக்கு வந்த லாப நட்டக் கணக்கும் அதன் குறிப்புகளும்; தணிக்கையாளர் அறிக்கையின் வரைவு, குறிப்பாக அரசு ஆணை கேட்கும் கேள்விகளுக்குத் தணிக்கையாளர் பதில் எழுதும் ‘காரோ’ எனப்படும் இணைப்பு; இயக்குநர் குழு அறிக்கையின் வரைவு; சென்ற ஆண்டின் தலைவர் கடிதம்; ஆண்டு முழுவதும் நடந்த இயக்குநர் குழுக் கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்புகள். கடைசி இரண்டையும் யாரும் தேடுவதில்லை. ஆனால் சென்ற ஆண்டுக் கடிதத்தில் “வரும் ஆண்டில் விற்பனை மேலும் உயரும்” என்று எழுதியிருந்தால், அதைப் பத்திரமாக வைத்திருக்கும் பங்குதாரர் ஒருவராவது இருப்பார். அந்த வாக்கியத்துக்கு இந்த ஆண்டுக் கடிதம் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

2. நட்டத்தின் அளவு: எந்தத் தொகையைச் சொல்வது

நான் சறுக்கிய இடம் இதுதான் என்பதால் இதைச் சற்று விரித்தே சொல்கிறேன்.

எங்கள் கணக்கில் வரிக்கு முந்தைய நட்டம் 5.6 கோடி ரூபாய். அதற்குக் கீழே ஒத்திவைப்பு வரி என்று 1.4 கோடி ரூபாய் வரவாக நின்றது. ஆகவே வரிக்குப் பிந்தைய நட்டம் 4.2 கோடி ரூபாய். ஆண்டுத் தேய்மானம் 3.1 கோடி ரூபாய். நூற்பாலையில் தேய்மானம் பெரிய தொகை. இயந்திரங்களின் மதிப்பு குறைவதைச் செலவாக எழுதுகிறோமே தவிர, அந்த ஆண்டில் அதற்காகக் கையிலிருந்து பணம் போவதில்லை. எனவே “உண்மையில் கையைவிட்டுப் போன பணம் இவ்வளவுதான்” என்று காட்ட, நட்டத்திலிருந்து தேய்மானத்தைக் கழித்துப் பணநட்டம் என்று ஒரு தொகையைச் சொல்வது வழக்கம். கேஷ் லாஸ் என்று கணக்குப் பிரிவில் சொல்வது இதைத்தான்.

நான் 4.2 கோடியிலிருந்து 3.1 கோடியைக் கழித்து, “தேய்மானத்தை நீக்கிப் பார்த்தால் பணநட்டம் 1.1 கோடி ரூபாய் மட்டுமே” என்று எழுதினேன். கழித்தல் சரி, கழிக்கத் தொடங்கிய இடம் தவறு. ஒத்திவைப்பு வரியாக நின்ற 1.4 கோடி, பணமாக வந்த ஒன்றல்ல. இந்த ஆண்டு நட்டத்தை வரும் ஆண்டுகளின் லாபத்தில் கழித்துக்கொள்ளும்போது மிச்சமாகும் என்று எதிர்பார்க்கப்படும் வரி அது. லாபம் வந்தால்தான் அந்த மிச்சமும் வரும். தேய்மானம் பணமாகப் போகவில்லை என்பதற்காக அதை நீக்குகிறோம் என்றால், பணமாக வராத வரி வரவையும் நீக்கத்தான் வேண்டும். ஆக 5.6 கோடியிலிருந்து 3.1 கோடியைக் கழித்து, பணநட்டம் 2.5 கோடி என்று எழுதியிருக்க வேண்டும்.

இது கணக்காளர்களின் நுணுக்கம், பங்குதாரருக்கு எங்கே தெரியப்போகிறது என்று நினைக்காதீர்கள். ‘காரோ 2020’ எனப்படும் ஆணையின் பதினேழாவது கூறு, நிறுவனம் அந்த ஆண்டிலும் முந்தைய ஆண்டிலும் பணநட்டம் அடைந்ததா, அடைந்திருந்தால் எவ்வளவு என்று தணிக்கையாளரை எழுதச் சொல்கிறது. எங்கள் தணிக்கையாளர் அங்கே 2.5 கோடி என்று முறையாக எழுதியிருந்தார். ஒரே புத்தகத்தில் தலைவர் கடிதம் 1.1 கோடி என்றது. நாற்பது பக்கம் தள்ளித் தணிக்கையாளர் 2.5 கோடி என்றார். பொதுக்கூட்டத்தில், எழுபது வயதைத் தாண்டிய ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர் இரண்டு பக்கங்களையும் மடித்து வைத்துக்கொண்டு எழுந்தார். “அம்மா, நட்டம் வந்தது பரவாயில்லை. முன்பக்கத்தில் ஒன்று, பின்பக்கத்தில் ஒன்று என்று போட்டிருக்கிறீர்களே, நாங்கள் எதை நம்புவது?” என்றார். தலைவர் அம்மா என் பக்கம் திரும்பிய அந்த நொடியை இன்னும் மறக்க முடியவில்லை. அவர் தவற்றை மேடையிலேயே ஒப்புக்கொண்டு திருத்திச் சொன்னார். அது அவருடைய பெருந்தன்மை. என்னுடைய கவனக்குறைவுக்கு அது பரிகாரமல்ல.

ஆகவே கடிதத்தில் முதலில் வர வேண்டியது வரிக்கு முந்தைய நட்டம். அதை அடுத்து வரிக்குப் பிந்தைய நட்டம். இரண்டுக்கும் இடையில் உள்ள வேறுபாடு என்ன என்று ஒரு வாக்கியம். பணநட்டத்தைச் சொல்ல விரும்பினால் தணிக்கையாளர் எழுதிய தொகையையே சொல்லுங்கள், அந்தப் பக்க எண்ணையும் குறிப்பிடுங்கள். ‘மட்டுமே’ என்ற சொல்லை நட்டத் தொகைக்கு அருகில் வைக்காதீர்கள். வட்டி, தேய்மானம், வரி எல்லாவற்றுக்கும் முந்தைய லாபத்தை முதல் வரியில் நிறுத்தி, நட்டத்தை மூன்றாவது பத்தியில் ஒளித்து வைக்கும் கடிதங்களையும் பார்த்திருக்கிறேன். வட்டியும் கட்டித்தான் ஆக வேண்டும், இயந்திரமும் தேய்ந்துதான் போகும் என்பது நூற்பாலை ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

3. காரணங்களைத் தொகையோடு பிரித்து எழுதுதல்

2022ஆம் ஆண்டு பஞ்சு விலை எப்படி ஆடியது என்பது இத்தொழிலில் இருப்பவர்களுக்கு நினைவிருக்கும். 356 கிலோ கொண்ட ஒரு கேண்டியின் விலை மே மாதத்தில் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. அந்த நிதியாண்டு முடிவதற்குள் 65,000 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. பஞ்சோடு நூல் விலையும் இறங்கியதால், உயர்ந்த விலைக்கு வாங்கிய பஞ்சை நூலாக்கி விற்றாலும் அடக்கம் திரும்பவில்லை. செப்டம்பர் 10 முதல் தமிழ்நாட்டில் மின் கட்டணமும் உயர்ந்தது. ஆகவே என் முதல் வரைவு, “பஞ்சு விலை ஏற்ற இறக்கமும் மின் கட்டண உயர்வும் நிறுவனத்தை நட்டத்தில் தள்ளின” என்று ஒரே வாக்கியத்தில் முடிந்தது.

சுயேச்சை இயக்குநர் ஒருவர் அதைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “இவை இரண்டும் சேர்ந்து எத்தனை கோடி?” என்னிடம் பதில் இல்லை. நீங்கள் அந்த இடத்தில் நிற்காமலிருக்க, எழுதுவதற்கு முன் கணக்குப் பிரிவோடு உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள். முந்தைய ஆண்டில் வரிக்கு முந்தைய லாபம் 8 கோடி. இந்த ஆண்டில் நட்டம் 5.6 கோடி. ஆக விளக்கப்பட வேண்டிய இறக்கம் 5.6 கோடியல்ல, 13.6 கோடி. புதிதாக எழுதுபவர்கள் நட்டத்தை மட்டும் விளக்கிவிட்டு, காணாமல்போன லாபத்தை விட்டுவிடுகிறார்கள்.

எங்கள் கணக்கில் அது இப்படிப் பிரிந்தது. விலை உச்சத்தில் இருந்தபோது கேண்டி 95,000 ரூபாய் வீதம் வாங்கிய 1,700 கேண்டிகள், பயன்படுத்தும் நேரத்தில் 65,000 ரூபாய் பெறுமானத்துக்கு வந்துவிட்டன. கேண்டிக்கு 30,000 ரூபாய் வீதம் இழப்பு 5.1 கோடி. நூலுக்குக் கேட்பு குறைந்து பதினொரு வாரம் மூன்று ஷிப்டுகளை இரண்டாகக் குறைத்ததாலும், ஓடிய நாட்களிலும் நூலுக்கு நல்ல விலை கிடைக்காததாலும் 6 கோடி. மின் கட்டணத்தால் 1.5 கோடி. இருப்பு வைக்க வாங்கிய கூடுதல் கடனின் வட்டி ஒரு கோடி. கூட்டினால் 13.6 கோடி சரியாக வரும். வராவிட்டால் எழுதத் தொடங்காதீர்கள்.

இந்தப் பிரிப்பு இன்னொன்றையும் வெளியே கொண்டுவந்தது. வழக்கமாக ஆறு வாரத்துக்குப் பஞ்சு இருப்பு வைக்கும் நிறுவனம், விலை இன்னும் ஏறும் என்று எண்ணி மூன்று மாதத்துக்கு வாங்கியிருந்தது. விலை இறங்கியது சந்தையின் செயல். மூன்று மாதத்துக்கு வாங்கியது நிர்வாகத்தின் முடிவு. கூடுதல் வட்டியும் அந்த முடிவைச் சேர்ந்ததே. இதை எழுதலாமா என்று இரண்டு வாரம் விவாதம் நடந்தது. எழுதலாம் என்பதே என் கருத்து; ஆனால் எழுதும் விதத்தில் கவனம் வேண்டும். ‘அலட்சியம்’, ‘தவறிழைத்தோம்’ போன்ற சொற்கள் நாளை கடன் கொடுத்த வங்கியோ வேறொருவரோ வழக்கில் எடுத்துக் காட்டக்கூடியவை. நடந்த முடிவையும், அதன் விளைவையும், அதன்பின் இயக்குநர் குழு செய்த மாற்றத்தையும் செய்தியாகச் சொன்னால் போதும். கடைசியில் அச்சேறிய பத்தி ஏறக்குறைய இது:

“2022 ஏப்ரல், மே மாதங்களில், விலை மேலும் உயரும் என்ற கணிப்பின் அடிப்படையில், வழக்கமான ஆறு வார இருப்புக்கு மாறாக மூன்று மாதத் தேவைக்குப் பஞ்சு வாங்கினோம். கணிப்பு பொய்த்தது. இந்த இருப்பினால் ஏற்பட்ட இழப்பு 5.1 கோடி ரூபாய். அதற்காகப் பெற்ற கடனின் கூடுதல் வட்டி ஒரு கோடி ரூபாய். எட்டு வாரத் தேவைக்கு மேல் பஞ்சு வாங்க இனி இயக்குநர் குழுவின் முன் ஒப்புதல் வேண்டும் என்று முடிவு செய்துள்ளோம்.”

கடைசி வாக்கியத்துக்குக் குழுக்கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் ஆதாரம் இருக்க வேண்டும். அப்படியொரு தீர்மானம் நிறைவேறாமல் கடிதத்தில் மட்டும் எழுதினால், அது பங்குதாரருக்குக் கொடுத்த பொய் வாக்கு. எங்களிடம் தீர்மானம் இருந்தது. தேதியைச் சரிபார்த்த பிறகே சேர்த்தேன்.

4. பங்குதாரர்களுக்கு நன்றியும், ஈவுத்தொகை இல்லை என்ற செய்தியும்

இரண்டையும் ஒரே வாக்கியத்தில் எழுதாதீர்கள். “ஈவுத்தொகை வழங்க இயலாத நிலையிலும் தாங்கள் காட்டும் பொறுமைக்கு நன்றி” என்று எழுதினால், அந்தப் பங்குதாரர் இன்னும் காட்டாத பொறுமைக்கு முன்கூட்டியே ரசீது கொடுத்ததாகிவிடும். செய்தியைத் தனிப் பத்தியில், தொகைக்குப் பக்கத்தில் சொல்லுங்கள்: முந்தைய ஆண்டு பங்கொன்றுக்கு எவ்வளவு, இந்த ஆண்டு இல்லை, ஏன் இல்லை.

‘ஏன் இல்லை’ என்பதில் ஒரு பொறி உண்டு. நட்டம் வந்தால் ஈவுத்தொகை தர சட்டத்தில் இடமில்லை என்று பலர் எழுதிவிடுகிறார்கள். முந்தைய ஆண்டுகளில் சேர்த்த காப்பு நிதியிலிருந்து தருவதற்கு 123ஆம் பிரிவும் அதன் கீழான 2014ஆம் ஆண்டு விதிகளும் வழி விடுகின்றன. ஆனால் நிபந்தனைகள் உண்டு. விகிதம் முந்தைய மூன்று ஆண்டுச் சராசரியைத் தாண்டக்கூடாது. எடுக்கும் தொகை, செலுத்தப்பட்ட மூலதனமும் காப்பு நிதியும் சேர்ந்த தொகையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. எடுத்த தொகையை முதலில் நட்டத்தை ஈடுகட்டவே பயன்படுத்த வேண்டும். எடுத்த பிறகு மிஞ்சும் காப்பு நிதி, செலுத்தப்பட்ட மூலதனத்தில் 15 சதவீதத்துக்குக் கீழே இறங்கக்கூடாது. உங்கள் நிறுவனம் இவற்றில் எங்கே நிற்கிறது என்பதை நிறுவனச் செயலாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். சட்டம் தடுத்தால் சட்டம் தடுக்கிறது என்று எழுதுங்கள். தடுக்காத நிலையில் இயக்குநர் குழுவே வேண்டாம் என்று முடிவெடுத்திருந்தால் அதையே எழுதுங்கள். காப்பு நிதியில் பல கோடி இருப்பதை இருப்புநிலைக் குறிப்பில் எல்லோரும் பார்க்கிறார்கள்.

நன்றி கடிதத்தின் கடைசிப் பத்திகளில் வரட்டும், பங்குதாரர்கள் உண்மையில் செய்த ஒன்றுக்காக. எங்கள் பங்குதாரர்களில் முப்பதுக்கு மேற்பட்டோர் நவம்பர் மாதத்தில் ஆலைக்கு நேரில் வந்து இருப்பையும் ஓடாத கதிர்களையும் பார்த்துப் போனார்கள். சிலர் எழுத்தில் கேள்வி கேட்டார்கள். அந்தக் கேள்விகளுக்கு நன்றி சொன்னோம். அதைப் படித்த இருவர் மறுபடியும் கடிதம் போட்டார்கள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

5. பணியாளர்களுக்கு நன்றி சொல்வதில் உள்ள மூன்று தவறுகள்

முதலாவது, சட்டப்படி கொடுத்ததைக் கொடையாகச் சொல்வது. “நட்டத்திலும் தொழிலாளர்களுக்கு 8.33 சதவீத போனஸ் வழங்கினோம்” என்று பெருமையாக எழுதியிருந்தேன். அந்தக் குறைந்தபட்ச போனஸ், லாபம் வந்தாலும் நட்டம் வந்தாலும் தர வேண்டியது என்று சட்டமே சொல்கிறது. சங்கத்து ஆட்கள் ஆண்டறிக்கையைப் படிப்பார்கள். முந்தைய ஆண்டைவிடக் குறைவாகக் கொடுத்திருந்தால், குறைந்தது என்று சொல்லி, குறைந்த வருமானத்தோடு வேலைக்கு வந்தார்கள் என்று நன்றி சொல்வதே முறை.

இரண்டாவது, எல்லோரையும் ‘எங்கள் குடும்பம்’ என்று ஒரே சொல்லில் சுருட்டுவது. பதினொரு வாரம் மூன்றாம் ஷிப்டு நின்றபோது வேலையிழந்தவர்கள் பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். அவர்களைக் குடும்பத்தில் சேர்த்து நன்றி சொன்னால், குடும்பத்தை வீட்டுக்கு அனுப்பியவர்கள் யார் என்ற கேள்வி வரும். யார் என்ன தாங்கினார்கள் என்பதைப் பிரிவு பிரிவாகக் கேட்டு எழுதுங்கள். ஸ்பின்னிங்கில் அறுந்த நூலை ஒட்டும் சைடர்களும், நூல் நிறைந்த கண்டுகளைக் கழற்றும் டாஃபர்களும் ஒருவர் இரண்டு பேர் வேலையைப் பார்த்த வாரங்கள் உண்டு. பராமரிப்புப் பிரிவினர் வெளியாட்களை அழைக்காமல், நின்றுபோன இயந்திரங்களைத் தாங்களே பிரித்துச் சீர்செய்து, மூன்றாம் ஷிப்டு மீண்டும் தொடங்கிய அன்று தாமதமில்லாமல் ஓட வைத்தார்கள். மேலாளர்கள் ஊதிய உயர்வைத் தள்ளிவைக்க ஒப்புக்கொண்டார்கள். இந்த மூன்று செய்திகளையும் நான் அலுவலகத்தில் உட்கார்ந்து தெரிந்துகொள்ளவில்லை. ஷிப்டு மாறும் நேரத்தில் மேஸ்திரிகளோடு டீக்கடையில் நின்று கேட்டேன். இரண்டு மாலை நேரமும் நாற்பது ரூபாயும் செலவாயின. முழு அறிக்கையிலும் அதைவிட மலிவான செலவு வேறில்லை.

மூன்றாவது, தலைமையின் ஊதியத்தைப் பார்க்காமல் ஊழியர் தியாகத்தைப் புகழ்வது. இயக்குநர்களுக்கு எவ்வளவு கொடுக்கப்பட்டது என்பது, தொடர்புடைய தரப்பினர் பற்றிய கணக்குக் குறிப்பில் அச்சாகும். அந்தத் தொகை முந்தைய ஆண்டைவிடக் கூடியிருந்தால், ‘தியாகம்’ என்ற சொல்லை வரைவிலிருந்து எடுத்துவிடுங்கள். அல்லது இயக்குநர் குழுவிடம் எடுத்துச் சொல்லுங்கள். நான் சொன்னபோது முதலில் முகம் சுளித்தார்கள், பிறகு அந்தக் குறிப்பைத் தாங்களே எடுத்துப் பார்த்தார்கள்.

6. தணிக்கையாளரிடம் காட்டுவது

கடிதம் தணிக்கைக்கு உட்பட்டதல்ல. ஆயினும் எஸ்.ஏ. 720 என்ற தணிக்கைத் தரநிலை, ஆண்டறிக்கையில் நிதிநிலை அறிக்கையோடு சேர்ந்து வரும் மற்றப் பகுதிகளையும் தணிக்கையாளர் படித்துப் பார்த்து, கணக்கோடு முரண்படுகிறதா என்று கவனிக்க வேண்டும் என்கிறது. தலைவர் கடிதம் அந்த ‘மற்றப் பகுதி’யில் அடங்கும். சட்டம் கேட்காத கடிதம்தானே என்று நான் வரைவை அவருக்கு அனுப்பவில்லை. அறிக்கையில் அவர் கையெழுத்திட்ட பிறகு, அச்சுக்கூடத்துக்குப் போகும் அன்று மாலையில் ஒரு நகலை அனுப்பினேன். அதை அவர் படிக்க நேரமே இல்லை. முன்பே அனுப்பியிருந்தால் 1.1 கோடி என்பதை ஐந்து நிமிடத்தில் அடித்திருப்பார்.

இப்போது நான் செய்வது இது. கணக்கை ஏற்கும் இயக்குநர் குழுக்கூட்டத்துக்குப் பத்து நாள் முன்பு, கடிதத்தில் வரும் ஒவ்வொரு தொகைக்கும் பக்கத்தில் அது கணக்கின் எந்தக் குறிப்பிலிருந்து வந்தது என்று பென்சிலில் எழுதி, அந்த நகலைத் தணிக்கையாளருக்கு அனுப்புகிறேன். குறிப்பு எண் எழுத முடியாத தொகை கடிதத்தில் இருக்கக்கூடாது. பிரித்துக் காட்டிய 13.6 கோடியைப் போன்றவை கணக்கில் நேரடியாக இராது. அவற்றுக்குத் தனித்தாளில் கணக்குப் பிரிவின் கையெழுத்து வாங்குகிறேன். கடிதத்தின் தேதி, கணக்கை ஏற்ற குழுக்கூட்டத்தின் தேதிக்கு முந்தியதாக இருக்கக்கூடாது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வரும் ஆண்டு பற்றி எழுதும் பத்தியில் “லாபம் உறுதி” என்ற வகைச் சொற்கள் வேண்டாம். நடந்து முடிந்ததை மட்டும், எந்த மாதம் வரையிலான நிலை என்று குறித்து எழுதுங்கள். பட்டியலிடப்பட்ட நிறுவனமாக இருந்தால், சந்தைக்கு முன்பு தெரிவிக்காத எதையும் இந்தப் பத்தியில் முதன்முதலாகச் சொல்லக்கூடாது.

7. அச்சும் அஞ்சலும்: நாள் எண்ணும் முறை

பொதுக்கூட்டம் நிதியாண்டு முடிந்த ஆறு மாதத்துக்குள், அதாவது செப்டம்பர் 30க்குள் நடக்க வேண்டும். அறிவிப்பும் கணக்கும் கூட்டத்துக்கு 21 முழு நாட்கள் முன்பு போய்ச் சேர வேண்டும். அனுப்பிய நாளையும் கூட்ட நாளையும் சேர்க்கக்கூடாது. அஞ்சலில் அனுப்பினால், போட்ட 48 மணி நேரத்துக்குப் பிறகே சேர்ந்ததாகக் கணக்கு. எங்கள் கூட்டம் 2023 செப்டம்பர் 27. செப்டம்பர் 2 சனிக்கிழமை அஞ்சலில் போட்டால், 4ஆம் தேதி சேர்ந்ததாகும். 5 முதல் 25 வரை 21 நாள். 26 அன்றே கூட்டம் நடத்தலாம். ஒரே ஒரு நாள்தான் உபரி. திங்கட்கிழமை போடலாம் என்று விட்டிருந்தால், சேர்ந்த நாள் 6 ஆகி, 21ஆம் நாள் கூட்ட நாளிலேயே விழுந்திருக்கும்.

அச்சுக்கு நாங்கள் சிவகாசிக்குப் போகிறோம். மதுரையிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். ஆனால் ஆடிப்பெருக்கன்று புத்தாண்டு காலண்டர் ஆல்பங்கள் வெளியானதும், ஆகஸ்டில் அங்குள்ள அச்சகங்களில் காலண்டர் வேலை குவியத் தொடங்கிவிடும். எழுநூறு பிரதி ஆண்டறிக்கை அவர்களுக்குச் சிறிய வேலை, தள்ளி வைத்துவிடுவார்கள். ஜூலை முதல் வாரத்திலேயே காகிதத்துக்கு முன்பணம் கொடுத்து, நாளை எழுதி வாங்குங்கள். எண்பது பக்கம், உள்ளே ஒரே நிறம், மேலட்டை மட்டும் வண்ணம் என்ற கணக்கில் எங்களுக்குப் பிரதிக்கு நூறு ரூபாயை ஒட்டி வந்தது. நட்டம் வந்த ஆண்டில் உள்பக்கங்களுக்கு வழவழப்பான தாள் வேண்டாம். அதையும் ஒருவர் கூட்டத்தில் கேட்டார்.

கடிதத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் போடுகிறோம். தமிழ்ப் பக்கத்தில் ஓர் ஆபத்து காத்திருக்கிறது. நீங்கள் யூனிகோடில் தட்டச்சு செய்து அனுப்புவதை, அச்சகத்தில் பழைய எழுத்துருவுக்கு மாற்றிக் கோப்பார்கள். அந்த மாற்றத்தில் கிரந்த எழுத்துகள் சிதைவது கண்ணுக்குத் தெரியும். அடைப்புக்குறிகள் உதிர்வது தெரியாது. கணக்கில் நட்டத்தை அடைப்புக்குறிக்குள் எழுதுவது வழக்கம் என்பதால், குறி உதிர்ந்தால் நட்டம் லாபமாகிவிடும். எங்கள் முதல் மெய்ப்பில் தமிழ்ப் பக்கத்துச் சிறு அட்டவணையில் அப்படித்தான் 4.20 என்று லாபம் நின்றது. ஆகவே அட்டவணையிலும் “நட்டம்” என்ற சொல்லையே எழுத்தில் எழுதுங்கள், அடைப்புக்குறியை நம்பாதீர்கள். மெய்ப்பைத் திரையில் பார்க்காமல் தாளில் எடுத்து, ஒருவர் ஆங்கிலப் பக்கத்தை உரக்கப் படிக்க, மற்றவர் தமிழ்ப் பக்கத்தில் விரல் வைத்துத் தொடர வேண்டும். ஒரு மணி நேர வேலை. ‘கோடி’, ‘லட்சம்’ இரண்டும் கலந்து வரும் வாக்கியங்களில் இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

8. அஞ்சலில் போன பிறகு பிழை தெரிந்தால்

எங்களுக்குப் பிழை கூட்டத்தில்தான் தெரிந்தது. உங்களுக்கு முன்பே தெரிந்தால் மறைக்காதீர்கள். பிழை தலைவர் கடிதத்தில் மட்டும் இருந்து, கணக்கும் தணிக்கை அறிக்கையும் சரியாக இருந்தால், முதலில் தணிக்கையாளருக்குத் தெரிவித்து, பக்க எண்ணோடும் சரியான தொகையோடும் ஒரு திருத்தத் துண்டுத்தாளை எல்லாப் பங்குதாரர்களுக்கும் அனுப்புங்கள். நிறுவன இணையதளத்தில் உள்ள படியிலும் சேருங்கள். கணக்கிலேயே பிழை என்றால் அது வேறு கதை. துண்டுத்தாளால் தீராது, நிறுவனச் செயலாளரையும் தணிக்கையாளரையும் உடனே உட்கார வையுங்கள்.

கூட்டத்தில் தலைவர் படிக்கும் உரையைக் கடிதத்திலிருந்தே எடுங்கள். அதே தொகைகளை ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஆண்டறிக்கையின் பக்க எண்ணைப் போட்டு, அவர் கைக்குக் கொடுங்கள். அடுத்த ஆண்டு அந்த வங்கி ஊழியர் மறுபடியும் வந்தார், இரண்டு பக்கங்களை மடித்து வைத்திருந்தார். தலைவர் அம்மா அட்டையைப் பார்த்து இரண்டு பக்க எண்களையும் அவருக்கு முன்பாகவே சொல்லிவிட்டார். அவர் தலையசைத்துவிட்டு, தாளின் தரத்தைப் பற்றிக் கேட்டார்.